சாயம் வெளுக்கும், உப்பு வெளுக்குமா?

காலையில் பால் வாங்கப் போகும்போது தெருவோர வடிகாலில் தண்ணீர் கருநீலமாக ஓடினால் நாம் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கைபேசியில் ஒரு படம் எடுப்போம், குடியிருப்போர் குழுவில் போடுவோம். மத்தியானத்துக்குள் வடிகால் பழையபடி சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். விசாரித்தால் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரே பதில்தான் வரும்: “அது விபத்துங்க. தொட்டி வழிஞ்சிடுச்சு.”

அந்த ‘விபத்து’ என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம். சட்டத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. பலரும் நினைப்பதுபோல அது தப்பிக்கும் வாசல் இல்லை.

1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தில் 31-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் விபத்தாலோ எதிர்பாராத நிகழ்வாலோ கழிவு வெளியேறி, ஓடையோ கிணறோ கெட்டுப்போனால், அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கழிவு வெளியேறிய பிறகு மட்டும் அல்ல, வெளியேறக்கூடும் என்ற நிலை வந்தாலே தெரிவித்தாக வேண்டும். தொட்டி விளிம்பு வரை நிரம்பி, பம்பு ஓடவில்லை என்றால் அப்போதே போன் போயிருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் படம் எடுத்து அனுப்பிய பிறகு ‘விபத்து’ என்று சொல்வது 31-வது பிரிவின்படி தகவல் ஆகாது. அது வெறும் பதில்தான்.

“அது ஓடை இல்லையே, காய்ந்த வாய்க்கால்தானே” என்ற வாதமும் எடுபடாது. ஓடை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் ஆறு, நீர்வழி, நிலத்தடி நீர் எல்லாமே அடக்கம். நீர்வழியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, தற்காலிகமாக வறண்டு கிடந்தாலும் சரி.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி முக்கியம். அங்கே பெயர்பெற்றவை காரும் கைபேசியும்தான், சாயப்பட்டறைகள் அல்ல. ஆனால் மண்ணின் அமைப்பைப் பாருங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி நம் முன்னோர் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குப் பக்கத்திலேயே சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. இந்தப் பக்கம் மணிமங்கலம், ஆதனூர் வட்டார ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. சாலையோரத்தில் காங்கிரீட் போட்டுக் கட்டியிருக்கும் மழைநீர் வடிகால் பல இடங்களில் ஏதோ ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயில்தான் போய் முடியும். அதில் ஊற்றியது கண்ணை விட்டு மறைந்தால் ஊரை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

சரி, அந்தக் கருநீலத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது?

புதுப் பருத்தித் துணி வாங்கினால் முதல் தடவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கச் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள். அது எவ்வளவு பலிக்கும் என்பது வேறு கதை. ஆனால் பட்டறையிலும் சாயத்துக்கு உப்புத்தான் துணை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் கரைந்து நிற்கவே விரும்பும், துணிக்குள் போக அடம்பிடிக்கும். உப்பைப் போட்டால்தான் சாயம் தண்ணீரை விட்டு நூலோடு ஒட்ட வரும். பிறகு சோடா உப்பைப் போட்டு அதை நூலோடு நிரந்தரமாகப் பிணைக்கிறார்கள். இவ்வளவு செய்தும் சாயம் முழுவதும் ஒட்டுவதில்லை. கால் பங்கு, சில நிறங்களில் அதற்கும் மேல், தண்ணீரிலேயே தங்கிவிடும். வடிகாலில் நாம் பார்க்கும் நிறம் அந்த மிச்சம்தான்.

சாயமாவது முக்கால் பங்கு துணியோடு போகிறது. உப்போ துளிகூடத் துணியில் தங்காது. போட்ட உப்பு அவ்வளவும் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் பனியன் துணிக்குக் கருநீலம் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 7 லிட்டர் என்று எடுத்தால் ஒரு தடவைக்கு 7,000 லிட்டர் தண்ணீர். அடர்ந்த நிறம் என்பதால் லிட்டருக்கு 70 கிராம் உப்பு. ஆக 490 கிலோ, ஏறக்குறைய பத்து மூட்டை உப்பு. சாயம் ஏற்றி முடித்ததும் அந்த 7,000 லிட்டரைத் திறந்துவிடுவார்கள். அதன் பிறகு நான்கைந்து அலசல், ஒரு சோப்புக் குளியல். அவற்றில் உப்பு குறைந்துகொண்டே வரும், பெரும்பகுதி அந்த முதல் தண்ணீரிலேயே போய்விட்டிருக்கும்.

நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. அந்த 490 கிலோவை நல்ல தண்ணீர் கலந்தே இந்த வரம்புக்குள் கொண்டுவர நினைத்தால் 2,33,000 லிட்டர் தேவைப்படும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட இருபது லோடு. இது ஒரு மெஷினில் ஒரு தடவை ஏற்றிய சாயத்துக்கு மட்டும் ஆன கணக்கு. கலக்கும் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பையும் சோடா உப்பையும் நான் சேர்க்கவே இல்லை.

நிறத்தைப் போக்குவது சுலபம். பிளீச்சிங் திரவத்தைக் கலந்தால் கருநீலமும் வெளிறிவிடும். அப்படி வெளுக்கவைத்து வடிகாலில் விட்டால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். உப்போ அப்படியே இருக்கும், பிளீச்சிங் போட்டதால் கொஞ்சம் கூடியும் இருக்கும். அதனால்தான் நிறத்தை நம்பாதீர்கள் என்கிறேன். வீட்டுக்கு ஆர்.ஓ. மாட்ட வரும் மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்து ‘டி.டி.எஸ். 900’ என்று சொல்வாரே, அந்தச் சின்ன மீட்டருக்கு நிறம் தெரியாது, உப்பு தெரியும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சாக்கடை நீரிலும் உப்பு உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரே சில ஊர்களில் ஆயிரத்தைத் தாண்டும். அதனால் ஒரே இடத்தில் பார்த்த எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பட்டறைக் குழாய் வடிகாலில் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். மேலே 1,100, கீழே 6,000 என்றால் நடுவில் என்னவோ நடக்கிறது. மலிவான மீட்டர்கள் பத்தாயிரத்தை நெருங்கும்போதே எண்ணை விட்டுவிட்டுப் பிழை காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் ஒரு செய்திதான்.

இனி விபத்துக்கு வருவோம். நிஜமான விபத்துகள் நடக்கத்தான் செய்கின்றன. கழிவுநீரைச் சேர்க்கும் தொட்டியில் மிதவை சுவிட்ச் மாட்டிக்கொண்டால் பம்பு ஓடாது, தொட்டி வழியும். மின்சாரம் போய், ஜெனரேட்டர் மெஷினுக்கு மட்டும் இணைந்திருந்து, சுத்திகரிப்புப் பம்புக்கு இணையாமல் இருந்தால் துணி ஓடும், கழிவு நிற்கும். குழாய் இணைப்பு விட்டுப்போகும். தொட்டிச் சுவர் விரியும். கடைசி நிலையான ஆவியாக்கியில் உப்புப் படிந்து சுத்தம் செய்ய நிறுத்தும்போது, அதற்கு முன்னால் உள்ள எல்லாமே பின்னோக்கித் தேங்கும். இவற்றில் எது நடந்தாலும், வளாகத்துக்குள் கழிவுநீர்க் குழியும் மழைநீர்க் கால்வாயும் தனித்தனியாக இருந்தால் வழிந்தது தரையில் தேங்கும், தெருவுக்கு வராது. தெருவுக்கு வந்துவிட்டது என்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ வழி இருக்கிறது. அந்த வழி எப்போது, எதற்காக ஏற்பட்டது என்பதைத்தான் வாரியத்தின் பொறியாளர் முதலில் தேட வேண்டும். அங்கே ஒரு குழாயும் வால்வும் இருந்தால் அதன் பெயர் விபத்து இல்லை.

விபத்துக்கு அளவும் உண்டு. இதை நீங்களே வடிகால் ஓரத்தில் நின்று கணக்கிடலாம். வடிகால் ஓர் அடி அகலம், தண்ணீர் நான்கு அங்குல ஆழம். ஒரு காய்ந்த இலையைப் போடுங்கள், பத்தடி தூரத்தைப் பத்து நொடியில் கடக்கிறது. அப்படியானால் நொடிக்கு மூன்றில் ஒரு பங்கு கன அடி, அதாவது சுமார் 9 லிட்டர். மேற்பரப்பில் தண்ணீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏழரை லிட்டர். நிமிடத்துக்கு 450 லிட்டர். மெஷினில் ஒரு தடவை பிடிக்கும் 7,000 லிட்டரும் தவறிப்போய் வெளியே வந்தால்கூடக் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரம் அதே நிறத்தில், அதே அளவில் ஓடினால் அது 81,000 லிட்டர். வடிகாலில் மற்ற வீட்டுத் தண்ணீரும் கலந்திருக்கும்தான், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் ‘ஒரு தொட்டி வழிந்தது’ என்ற பதில் பொருந்துகிறதா என்று ஒரு கேள்வியாவது கேட்க முடியும். எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் நின்றது என்று எழுதி வைத்தால்தான் இந்தக் கணக்கே போட முடியும். அதனால் படத்தைவிட நேரம் முக்கியம் என்பேன்.

இன்னொரு கணக்கு பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி பெற்ற ஆலையில், உள்ளே எடுத்த தண்ணீரும் ஆர்.ஓ. வழியே மீட்ட தண்ணீரும் ஆவியானதும் கூட்டிக் கழித்தால் ஏறக்குறையச் சரியாக வர வேண்டும். தண்ணீர் மீட்டர் இருக்கிறது. சுத்திகரிப்புக்குத் தனி மின் மீட்டரும் இருக்கும். துணி உற்பத்தி குறையாத மாதத்தில் சுத்திகரிப்பின் மின் யூனிட் மட்டும் குறைந்திருந்தால் அந்த மாதம் கழிவுநீர் வேறு எங்கோ போயிருக்கிறது. ‘அன்று ஒரு நாள்தான்’ என்ற சொல்லை இந்த மீட்டர்கள் உறுதிப்படுத்தும் அல்லது காட்டிக்கொடுக்கும்.

‘ஒரு நாள்தானே’ என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் அணை சாட்சியாக இருக்கிறது. சென்னிமலைப் பக்கம் நொய்யலின் குறுக்கே 1992-இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குப் பாசனம் தருவதற்காக. மேலே திருப்பூரில் பனியன் தொழில் கிடுகிடுவென வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் வெளியேற்றிய சாயத் தண்ணீரும் உப்பும் நொய்யலில் இறங்கி, அணையில் வந்து தேங்கின. ஒவ்வொரு பட்டறையும் விட்டது சிறிய அளவுதான், ஒவ்வொருவருக்கும் ஒரு காரணமும் இருந்திருக்கும். அணைக்குத் தெரிந்தது மொத்தம் மட்டும். சில ஆண்டுகளில் பாசன அணை கழிவுநீர்த் தொட்டியாகிவிட்டது. மதகைத் திறந்தால் வயல் கெடும். மூடி வைத்தால் சுற்றியுள்ள கிணறு கெடும். பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

உப்பு வயலுக்கு என்ன செய்யும் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வேருக்கு வெளியே உப்பு கூடினால், மண் ஈரமாக இருந்தாலும் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதோடு சோடியம் களிமண்ணை இறுக்கி, மேலே பாறை மாதிரி ஆக்கிவிடும். சாயம் வெயிலில் காலப்போக்கில் சிதையும். உப்பைச் சிதைக்க வெயிலாலும் முடியாது, மண்ணில் உள்ள நுண்ணுயிராலும் முடியாது. நல்ல மழை அதை இன்னும் கீழே தள்ளும், கிணற்றுக்குள்.

நொய்யல் பாசனதாரர்கள் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு, பட்டறைகள் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலைக்கு வரக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம். பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6 அன்று அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு, இன்னும் மூன்று மாத அவகாசத்தோடு. அந்த அவகாசமும் கடந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகளில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒழுங்காக நடத்தியவர், ஏமாற்றியவர் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் எல்லோரும் ஒன்றாக மூடினார்கள். வேலை இழந்த தொழிலாளர் பட்டறைக்குச் சொந்தக்காரரும் அல்ல, நொய்யல் விவசாயியும் அல்ல.

பிறகு, சுத்திகரிப்பை முழுமையாக்கிய பின்னரே படிப்படியாகத் திறக்க அனுமதி கிடைத்தது. அதில் உருப்படியாக ஒன்று நடந்தது என்று சொல்ல வேண்டும். ஆர்.ஓ.வில் பிரியும் உப்புக் கரைசலை ஆவியாக்கி மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பைக் குவித்து வைப்பதற்குப் பதில், அந்தக் கரைசலையே சுத்தம் செய்து அடுத்த சாயத்துக்கு உப்பாகப் பயன்படுத்தும் முறையை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டினார்கள். பத்து மூட்டை உப்பைப் பணம் கொடுத்து வாங்கி, பிறகு அதை ஒழிக்கவும் பணம் செலவழிப்பதைவிட அது புத்திசாலித்தனம்தானே!

இப்போது வடிகால் ஓரத்தில் நிற்கும் நமக்கு வருவோம். கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்குத் தனி அலுவலகமே இருக்கிறது. போனில் சொன்னதோடு நிறுத்தாமல் வாரியத்தின் இணையதளத்தில் உள்ள புகார்ப் பகுதியிலோ முதல்வரின் 1100 எண்ணிலோ பதிந்து, புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். வடிகால் யாருடையதோ, ஊராட்சியா, நகராட்சியா, சிப்காட்டா, அவர்களுக்கும் ஒரு நகல். புகாரில் ‘எங்கள் ஏரியாவில் மாசு’ என்று எழுதினால் யாரும் எங்கும் வரமாட்டார்கள். எந்தச் சாலை, எந்தப் பாலத்தின் அடியில், எந்தக் குழாய் வாயிலிருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பட்டறையின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் எழுத வேண்டாம். குழாய் வாயைக் காட்டுவது நம் வேலை, அது எந்தச் சுவருக்குள் போகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை.

ஏன் ஓடும்போதே என்கிறேன்? வழக்கில் நிற்கும் மாதிரியை நீங்கள் எடுக்க முடியாது. 21-வது பிரிவு அதற்கு முறை சொல்கிறது. வாரிய அலுவலர், பரிசோதிக்கப் போகிறோம் என்று பட்டறைப் பொறுப்பாளருக்கு அந்த இடத்திலேயே நோட்டீஸ் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்கு. பொறுப்பாளர் கேட்டால் மற்றொன்று அரசின் தனி ஆய்வகத்துக்கு. இந்த முறையில் ஒரு படி தவறினால் அந்த ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் நிற்காது. சாயங்காலம் வந்து வறண்ட வடிகாலைப் பார்த்துவிட்டுப் போகும் அலுவலரிடம் முத்திரை வைக்க எதுவுமே இருக்காது.

அப்படியானால் நாம் பாட்டிலில் பிடித்து வைப்பது வீணா? வீண் இல்லை. அது வழக்கின் சாட்சியாக நிற்காவிட்டாலும் அலுவலரைக் கிளப்பும். பழைய குளிர்பான பாட்டில் வேண்டாம், குடிநீர் பாட்டிலை எடுத்து அதே வடிகால் நீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. நேரத்தையும் இடத்தையும் எழுதி ஒட்டுங்கள். குளிர்ச்சியில் வைத்தால் நல்லது. சமையலறை ஃபிரிட்ஜில் வேண்டாம், ஐஸ் பெட்டி போதும். குழந்தைகள் கையில் எட்டக் கூடாது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூடிய வடிகாலின் மூடியைத் திறந்து குனிந்து பார்க்காதீர்கள், உள்ளே இறங்கவே இறங்காதீர்கள். 2022 ஜனவரி 6 அன்று விடியற்காலையில் சூரத்தின் சச்சின் தொழிற்பேட்டையில் ஒரு டேங்கர் லாரி ரசாயனக் கழிவை வடிகாலில் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டது. எழுந்த நச்சுவாயு பக்கத்துச் சாய ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேரைக் கொன்றது. அவர்கள் வடிகாலுக்குள் இறங்கியவர்கள்கூட இல்லை. வடிகாலில் ஒருவர் விட்ட காரமும் இன்னொருவர் விட்ட அமிலமும் எங்கே சந்திக்கும் என்று யாருக்கும் தெரியாது. சல்பைடு உள்ள கழிவோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை வாடையடிக்கும் அந்த வாயு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்து நெருங்கிப் போவது அதனால்தான் ஆபத்து.

புகார் போன பிறகு என்ன நடக்கும்? 33-ஏ பிரிவின்படி வாரியம் ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் உத்தரவிடலாம். தகவல் சொல்லாமல் மறைத்ததே தனிக் குற்றம். பழைய சட்டப்படி அதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2024-இல் வந்த திருத்தம் சிறையை எடுத்துவிட்டுப் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. அது முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கு. மற்ற மாநிலங்களில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் பொருந்தும்.

இதற்கு மேல் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று ஒன்று உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதற்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கிறது. சிவப்புப் பிரிவு ஆலைக்கு 80, அதை மீறல் நடந்த நாட்களால் பெருக்கி, 250 ரூபாயால் பெருக்கி, ஆலையின் அளவுக்கும் ஊரின் மக்கள்தொகைக்கும் உள்ள எண்களால் பெருக்க வேண்டும். நடுத்தர ஆலை, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை என்றால் கடைசி இரண்டும் 1. ஆக ஒரு நாளைக்கு 20,000 ரூபாய், சிறிய ஆலைக்கு அதில் பாதி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வாய்பாட்டில் நாட்கள் இருப்பதைப் பாருங்கள். ‘அன்று ஒரு நாள் விபத்து’ என்று நின்றால் 20,000. மீட்டர்களைப் பார்த்து மூன்று மாதமாக நடக்கிறது என்று தெரிந்தால் 90 நாளுக்கு 18 லட்சம். அந்த வார்த்தையைப் பிடித்து ஏன் இவ்வளவு தொங்குகிறார்கள் என்பது இப்போது புரியும்.

வயலோ கிணறோ கெட்டுப்போனவருக்கு இந்தத் தொகையில் நேரடியாக எதுவும் வராது. அவர் போக வேண்டிய இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. அங்கே ‘விபத்து’ என்ற சொல் தலைகீழாகிவிடும். 2010-ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டத்தில் 17-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, விபத்து என்றால் யார் தவறு என்று பார்க்காமலேயே பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்கிறது. கிணற்றுக்காரர் மிதவை சுவிட்ச் ஏன் மாட்டிக்கொண்டது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தண்ணீர் அந்தப் பட்டறையிலிருந்து வந்தது, தன் கிணறு அதனால் கெட்டது என்ற இரண்டைத்தான் காட்ட வேண்டும்.

இரண்டாவதைக் காட்டுவதற்குக் கிணறு முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தொழிற்பேட்டை ஓரத்தில் கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் எதுவும் நடக்காத இந்த நாளிலேயே ஒரு முறை தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, தேதி போட்ட அறிக்கையை நிலப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பருவத்துக்குப் பருவம் எண் மாறும்.